அரபி லேபிளில் எண்கள் எங்கே பிழைபடுகின்றன?

வடசென்னையில் ஊறுகாய், அப்பளம், மசாலாப்பொடி, வற்றல் என்று செய்து வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் சிறு தயாரிப்பாளர்கள் பலர், லேபிள் வேலையை மிகச் சுருக்கமாகவே கருதுகிறார்கள். பாட்டிலின் பின்பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து, "இதுல இருக்கிறத அப்படியே அரபியில போட்டுக் குடுங்க பாய்" என்று மண்ணடியில் அரபி தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்களது எண்ணம். வளைகுடா நாடுகளின் பொதுத் தரவிதியான GSO 9, பொதியப்பட்ட உணவின் லேபிளில் அரபி இருக்க வேண்டும் என்று கேட்பதால் மொழிபெயர்ப்பைத் தவிர்க்க முடியாது. ஆனால் "அப்படியே" என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. சொற்களை மாற்ற வேண்டும். எண்களையும் குறியீடுகளையும் அலகுகளையும் மாற்றவே கூடாது. பெயர்ப்பவரின் கவனமெல்லாம் முதல் வேலையில் குவிவதால், பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதில் நுழைகின்றன. அவை எப்படி நுழைகின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

கன்டெய்னர் எண்ணும் லேபிள் எண்ணும்

ராயபுரம் பக்கம் லாரிகளில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர்களின் கதவைக் கவனித்தால், ஒவ்வொன்றிலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருப்பது தெரியும். சரக்குச் சீட்டு எந்த மொழியில் எழுதப்பட்டாலும் அந்த அடையாளம் மட்டும் எழுத்துக்கு எழுத்து அதேபோல் இருந்தாக வேண்டும். உணவு லேபிளில் உள்ள `INS 211` போன்ற குறியீடும் அந்த வகையைச் சேர்ந்தது. அது வாக்கியத்தின் ஒரு பகுதியன்று, வாக்கியத்தின் நடுவே வைக்கப்பட்ட அடையாளம்.

ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதாவது, முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் ஒரு கணக்கில் போட்டால் வரும் விடை. நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணக்கு பொருந்தாது, கணினி உடனே நிறுத்திவிடும். லேபிளில் உள்ள குறியீட்டுக்கு அப்படி எந்தக் காவலும் கிடையாது. 211 என்பது 221 என்று மாறினால் அதுவும் ஒரு செல்லுபடியான எண்ணாகவே நிற்கும். பிறகு வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

குறியீடு என்றால் என்ன?

உணவு கெடாமல் இருக்க, நிறம் பெற, உப்பி வர எனக் குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சேர்க்கப்படும் பொருளைச் சேர்க்கைப்பொருள் என்கிறோம். இவற்றின் வேதிப்பெயர்கள் நீளமானவை. நாட்டுக்கு நாடு வழங்கும் பெயரும் வேறுபடும். ஆகவே உலக நல நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், ஒவ்வொரு சேர்க்கைப்பொருளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து அகில உலகப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதுவே INS எண். ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலும் அதே எண்களுக்கு முன்னால் E என்ற எழுத்தைச் சேர்த்துப் பயன்படுத்துகிறது. ஆனால் E என்ற எழுத்து ஐரோப்பிய ஒப்புதலையும் குறிப்பதால், `INS 211` என்று அச்சிட்டிருப்பதை `E211` என்று மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. இறக்குமதியாளர் E வேண்டும் என்று கேட்டால், அந்த முடிவைத் தயாரிப்பாளர் எழுத்து மூலம் எடுத்துத் தர வேண்டும்.

குறியீட்டுக்கு முன்னால் அதன் வேலையைச் சொல்லும் ஒரு பெயர் இருக்கும்: பதப்பொருள், அமிலத்தன்மைச் சீராக்கி, நிறமி என்பதுபோல. இதை வகைப்பெயர் என்போம். வகைப்பெயர் அரபியில் மாறும். அதையடுத்த குறியீடு மாறாது. மூல லேபிளில் எண் மட்டும் இருந்தால் அரபியிலும் எண் மட்டுமே. வேதிப்பெயர் இருந்தால் வேதிப்பெயரைப் பெயர்க்க வேண்டும். உதவி செய்வதாக நினைத்து எதையும் கூட்டுவது இந்த வேலையில் பிழையாகவே முடியும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சொற்கள் பெயர்க்கப்படுகின்றன, குறியீடுகள் கடத்தப்படுகின்றன. கடத்தும் வழியில் இரண்டு இடங்களில் அவை உடையலாம். ஒன்று படத்திலிருந்து வாசிக்கும்போது. மற்றொன்று வலமிருந்து இடமாக அடுக்கும்போது.

முதல் இடம்: படத்திலிருந்து வாசித்தல்

மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிகர எடை 300 கிராம். மாங்காய் 58 விழுக்காடு, நல்லெண்ணெய் 16 விழுக்காடு, பிறகு உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பெருங்காயம், கடைசியில் அமிலத்தன்மைச் சீராக்கியாக 260, பதப்பொருளாக 211. இதில் கடத்த வேண்டியவற்றை மட்டும் தனியே எடுத்தால் இவ்வளவுதான்:

```
58% | 16% | INS 260 | INS 211 | 300 g
```

பாட்டில் உருண்டையானது என்பதால் லேபிளின் இரு ஓரங்களிலும் எழுத்து நெருங்கித் தெரியும். அப்பளம், மசாலா போன்றவற்றின் பளபளக்கும் உறையில் விளக்கொளி பட்டு ஓரிடம் வெள்ளையாகிவிடும். மடிப்பு விழுந்த இடத்தில் பாதி எழுத்து மறையும். இத்தகைய படத்தை எழுத்துணரியில் இடுகிறோம். எழுத்துணரி என்பது படத்தில் உள்ள வடிவங்களைப் பார்த்து எழுத்துகளாக மாற்றித் தரும் மென்பொருள். அது சொற்களில் செய்யும் பிழை நம் கண்ணுக்கு உடனே தெரியும். ஏனெனில் பிழையான சொல் அகராதியில் இருக்காது. எண்ணில் செய்யும் பிழையோ இன்னோர் எண்ணாகவே வந்து நிற்கும். `10g` என்பதில் எடையலகின் எழுத்து ஒன்பதாகத் தெரிந்து 109 ஆகும். `0.5` என்பதில் புள்ளி தொலைந்து 05 ஆகும். சுழியம் ஆங்கில O ஆகவும், ஒன்று l ஆகவும் மாறும். மனிதக் கண்ணும் இதே பிழைகளைச் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது.

இங்கே பலரும் நம்பும் ஒரு பாதுகாப்பு உண்டு: "எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்த்தால் போதுமே, இருந்தால் சரிதானே?" போதாது. 211 என்பது சோடியம் பென்சோயேட். 221 என்பது சோடியம் சல்பைட். இரண்டும் பட்டியலில் உள்ளன, இரண்டும் பதப்பொருள்களே. ஆகவே வகைப்பெயரோடு ஒத்துப்பார்த்தாலும் பிழை பிடிபடாது. ஆனால் விளைவு சிறியதன்று: ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது என்பதால் பல நாடுகளில் அதைத் தனியே அறிவிக்கும் விதி இருக்கிறது. இல்லாத சல்பைட்டை அறிவிப்பதும், இருக்கும் சல்பைட்டை மறைப்பதும் ஒரே இலக்கத்தின் தடுமாற்றத்தால் நடக்கக்கூடியவை. 102, 120 என்ற இணை இன்னும் கூர்மையானது. 102 என்பது டார்ட்ரசின் என்ற மஞ்சள் செயற்கை நிறமி. 120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறமி. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதும் சைவப் பண்டம் அசைவமாகிவிடுகிறது. வளைகுடாவில் ஹலால் கேள்வியும் எழுகிறது.

ஆகவே பட்டியலில் தேடுவது ஒரு சல்லடை மட்டுமே. 1l0 போன்ற குப்பைகளை அது பிடிக்கும். 330 என்ற சிட்ரிக் அமிலத்துக்கு முன்னால் "நிறமி" என்று இருந்தால் அதையும் பிடிக்கும். ஒரே வகைக்குள் நிகழும் மாற்றத்தை அது பிடிக்காது. அதற்கு மூலத்தை மறுபடியும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஊட்டச்சத்து அட்டவணைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கணக்கு உதவும். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் தலா 4 கிலோகலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். நம் ஊறுகாயில் 100 கிராமுக்குப் புரதம் 2.0, மாவுச்சத்து 8.0, கொழுப்பு 16.0 கிராம் என்றால் 8, 32, 144 சேர்ந்து 184 கிலோகலோரி வரும். படத்தில் கொழுப்பு 1.6 என்று தெரிந்திருந்தால் கூட்டுத்தொகை ஏறக்குறைய 54தான். லேபிளில் ஆற்றல் 184 என்று இருப்பதைக் கண்டதும் புள்ளி இடம்மாறியது புரிந்துவிடும். நார்ச்சத்தாலும் முழு எண்ணாக்குவதாலும் சிறு வேறுபாடு வரலாம். மூன்று மடங்கு வேறுபாடு வராது. ஆனால் இந்தக் கணக்கு சந்தேகத்தை எழுப்புவதற்கு மட்டுமே. கணக்கிலிருந்து எண்ணை உருவாக்கி லேபிளில் எழுதிவிடக் கூடாது. பாட்டிலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

படத்தைக் கேட்டு வாங்குவதிலேயே பாதிப் பிழையைத் தவிர்க்கலாம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய இலக்கங்களின் ஓரம் கரைந்துவிடுகிறது. அதே படத்தை டாகுமென்டாக அனுப்பினால் மூலத் தரத்தோடு வந்து சேரும். உருண்டைப் பாட்டிலுக்கு ஒரே படம் போதாது. சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி மூன்று நான்கு படங்கள் தேவை. லேபிள் அச்சடித்த அச்சகத்திடம் மூலக் கோப்பு இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

இடையில்: பூட்டிவிட்டுப் பெயர்த்தல்

எண்களைச் சரியாக வாசித்த பிறகு அவற்றை வாக்கியத்துக்குள் வைத்துக்கொண்டே பெயர்க்கக் கூடாது. ஒவ்வொரு குறியீட்டையும் அளவையும் எடுத்துப் பட்டியலில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் ஓர் இடக்குறியை வைக்க வேண்டும். இடக்குறி என்பது "இங்கே ஒன்று இருந்தது, பிறகு அதுவே திரும்பி வரும்" என்று சொல்லும் தற்காலிக அடையாளம். நம் ஊறுகாயின் கடைசி வரி அப்போது இப்படி ஆகும்:

```
அமிலத்தன்மைச் சீராக்கி ([3]), பதப்பொருள் ([4])
```

பெயர்ப்பவர் கையில் எண்ணே இல்லாததால் அவரால் அதைக் கெடுக்க முடியாது. அரபி வரி தயாரான பிறகு [3] இருந்த இடத்தில் `INS 260` என்பதையும் [4] இருந்த இடத்தில் `INS 211` என்பதையும் நகலெடுத்து ஒட்டுகிறோம்; கையால் மீண்டும் அடிப்பதில்லை. அடைப்புக்குறியையும் பூட்டப்பட்டதாகவே கருத வேண்டும். பெருங்காயத்துக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் கோதுமை மாவு இருக்கும் லேபிளில், மூடும் அடைப்புக்குறி ஒரு சொல் தள்ளிப் போனால் எது எதற்குள் இருக்கிறது என்பதே மாறிவிடும்.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிராமுக்கு அரபியில் ஒன்றுக்கு மேற்பட்ட சுருக்கங்கள் வழக்கில் இருக்கின்றன. இறக்குமதியாளர் கேட்பதைத் தேர்ந்து லேபிள் முழுதும் அதையே பயன்படுத்த வேண்டும். அலகின் எழுத்து மாறலாம், அலகு மாறக் கூடாது. மில்லிகிராமை கிராமாக்குவதும், சோடியம் என்று இருப்பதை உப்பாகக் கணக்கிட்டு எழுதுவதும் மொழிபெயர்ப்பு ஆகாது.

இரண்டாம் இடம்: வலமிருந்து இடம்

அரபி வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஆனால் அதற்குள் வரும் எண்ணும் ஆங்கில எழுத்தும் இடமிருந்து வலமாகவே ஓடுகின்றன. ஒரே வரியில் இரு திசைகள் கலக்கும்போது எது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினி ஒரு விதித்தொகுப்பின்படி முடிவு செய்கிறது. யூனிகோடின் இருதிசை விதி என்பது அதுவே. இதன் சாரம் எளியது. எழுத்துகள் தம் திசையைத் தாமே தீர்மானிக்கும். எண்கள் ஓரளவுக்கு முன்னால் வந்த எழுத்தைச் சார்ந்து நிற்கும். கோடு, அடைப்புக்குறி, இடைவெளி போன்றவை முற்றிலும் சுற்றுப்புறத்தைச் சார்ந்து இழுபடும்.

இதனால் `INS 211` என்பது பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. முன்னால் உள்ள ஆங்கில எழுத்துகள் எண்ணைத் தம்மோடு பிடித்துக்கொள்கின்றன. அந்த மூன்று எழுத்துகளை நீக்கிவிட்டால்தான் தொல்லை தொடங்குகிறது. அப்பளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் லேபிளில் `500(ii)` என்று இருக்கலாம்; அது சமையல் சோடா. `500(i)` என்பது வேறு பொருளான சோடியம் கார்பனேட். ஆகவே அந்தச் சிறு அடைப்புக்குறி அலங்காரமன்று. அரபிச் சொல்லுக்கு அடுத்து நேராக `500(ii)` என்று வந்தால், இருதிசை விதிப்படி அடைப்புக்குறிப் பகுதி எண்ணின் இடப்பக்கம் போய் நிற்கும். திரையில் `(ii)500` என்று தெரியும். கோப்பில் எழுத்து எதுவும் மாறவில்லை. காட்சி மட்டுமே மாறியது. ஆனால் அச்சாவது காட்சிதான்.

கோடு இட்ட தொகுதி எண்ணிலும் இதே தொல்லை. அரபிச் சொல்லைத் தொடர்ந்து வரும் `24-117` என்ற தொகுதி எண் அச்சில் `117-24` ஆகிவிடும். சாய்கோடு இட்ட `24/117` அப்படியே நிற்கும்; ஏனெனில் இரு எண்களுக்கு இடையில் வரும் சாய்கோட்டை எண்ணின் பகுதியாகவே விதி கருதுகிறது, சிறுகோட்டை அங்கே அப்படிக் கருதுவதில்லை. இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். "10-15 விநாடி பொரிக்கவும்" என்பது அரபியில் 15-10 என்று தெரிவது தவறன்று. வலமிருந்து வாசிப்பவர் முதலில் பத்தையும் பிறகு பதினைந்தையுமே சந்திக்கிறார். அளவின் வீச்சு திரும்பலாம், அடையாளம் திரும்பக் கூடாது. இரண்டையும் ஒன்றாக நடத்துவதே பிழை.

தீர்வு கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகளில் இருக்கிறது. பூட்டிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இங்கிருந்து இடமிருந்து வலம், சுற்றுப்புறத்தைப் பார்க்காதே" என்று சொல்லும் எழுத்தையும், பின்னால் "தனிமை முடிந்தது" என்று சொல்லும் எழுத்தையும் வைக்கிறோம்:

```
U+2066  500(ii)  U+2069
```

காட்டுவதற்காக இங்கே இடைவெளி விட்டிருக்கிறேன்; உண்மையில் இடைவெளி இல்லை. இடக்குறிகளை நீக்கி எண்களைத் திரும்ப வைக்கும்போதே இவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டால், நல்ல மென்பொருளில் எந்தக் குறியீடும் கவிழாது.

சுருங்கச் சொன்னால், படத்தில் நிகழும் பிழை எண்ணையே மாற்றுகிறது. அடுக்கில் நிகழும் பிழை எண்ணின் தோற்றத்தை மாற்றுகிறது. முதலாவதைக் கோப்பில் தேட வேண்டும், இரண்டாவதை அச்சுப்படியில் தேட வேண்டும்.

அச்சகத்து மேசையில்

லேபிளை வடிவமைப்பவருக்கு அரபி தெரியாமல் இருப்பதே இங்கே வழக்கம். அவர் வரியைப் பார்க்கும்போது அவருடைய கண் இடமிருந்து ஓடுவதால், குறியீடு முன்னாலும் வகைப்பெயர் பின்னாலும் இருப்பதுபோல் தோன்றும். "நம்பர் முன்னாடி வந்துடுச்சுண்ணே, சரி பண்ணிட்டேன்" என்று அக்கறையோடு அவர் ஒரு குறியீட்டை வலப்பக்கம் நகர்த்தினால், 211 என்பது பதப்பொருளை விட்டு அமிலத்தன்மைச் சீராக்கியை ஒட்டிக்கொள்ளும். எனவே அரபிப் பகுதியில் எதையும் கையால் நகர்த்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அரபி ஆதரவு இல்லாத பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்தும் தலைகீழ் வரிசையிலும் விழும். அரபி தெரியாதவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்: அரபியில் பெரும்பாலான எழுத்துகள் அடுத்ததோடு இணைந்தே எழுதப்படும், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றால் ஏதோ உடைந்திருக்கிறது.

இறக்குமதியாளர் அரபு எண்ணுருக்களைக் கேட்டால் கவனம் இன்னும் கூட வேண்டும். நம் கண்ணுக்குப் பழகிய வடிவங்கள் அங்கே வேறு மதிப்பைத் தருகின்றன.

```
5 = ٥
6 = ٦
0 = ٠
```

ஐந்து நம் சுழியத்தைப்போல் இருக்கிறது, ஆறு நம் ஏழைப்போல் இருக்கிறது, சுழியமோ வெறும் புள்ளி. ஆகவே அளவுகளை இந்த எண்ணுருக்களில் இட்டாலும், ஆங்கில எழுத்தோடு வரும் குறியீடுகளை மூலத்தில் உள்ள இலக்கங்களிலேயே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஒத்துப்பார்க்கும் முறை

கடைசிச் சோதனை இரண்டு பேர் உட்கார்ந்து செய்ய வேண்டியது. ஒருவர் கையில் உண்மையான பாட்டில் இருக்க வேண்டும். இடையில் நாம் அடித்த கோப்பு அன்று, ஏனெனில் முதல் வாசிப்பில் விழுந்த பிழை அந்தக் கோப்பிலும் இருக்கும். மற்றவர் கையில் அச்சுக்குப் போகும் இறுதிப் படி இருக்க வேண்டும். இறுதிப் படியை வைத்திருப்பவர் ஒவ்வோர் எண்ணையும் "இரண்டு, ஒன்று, ஒன்று" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல, பாட்டில் வைத்திருப்பவர் விரல் வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும். "இருநூற்றுப் பதினொன்று" என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவரின் மனம் எதிர்பார்த்ததையே கேட்டுவிடும். புள்ளி, அடைப்புக்குறி, அலகு ஆகியவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். முடிவில் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்: மூலத்தில் பூட்டியவை ஐந்து என்றால் இறுதிப் படியிலும் ஐந்து.

ஓர் இலக்கம் இரண்டு விதமாக வாசிக்கும்படி இருந்து, இரண்டு வாசிப்பும் பட்டியலில் இருந்தால், அந்த இடத்தைக் காலியாக விட்டுத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். அவர் சமையல் குறிப்பையோ பதப்பொருள் வாங்கிய ரசீதையோ பார்த்துச் சொல்லட்டும். மூல லேபிளிலேயே பிழை இருப்பதாகத் தெரிந்தாலும் இதே வழிதான். 184 வர வேண்டிய இடத்தில் பாட்டிலிலேயே 148 என்று அச்சாகியிருந்தால், அரபியில் 184 என்று போட நமக்கு அதிகாரம் இல்லை. அப்படிப் போட்டால் ஒரே பாட்டிலில் இரண்டு மொழிகள் இரண்டு எண்களைச் சொல்லும், துறைமுகத்தில் சோதிப்பவர் இரண்டையும் நம்பமாட்டார். பிழையைத் தயாரிப்பாளருக்கு எழுதித் தெரிவித்து, மூல லேபிளைத் திருத்திய பிறகே அரபி ஸ்டிக்கரை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.